பிறந்தநாள் படத்தில் பிறர் வீட்டுப் பிள்ளைகள்: திருத்துவதும் பகிர்வதும்

கேக் வெட்டும் படத்தில் ஆறு பிள்ளைகள். ஒருத்தி பள்ளிச் சீருடையில், கழுத்தில் ஐடி கார்டோடு நிற்கிறாள். இன்னொருவனின் அம்மா படம் வெளியே போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இந்தப் படத்தை எப்படித் தயார் செய்வது?

1. முதலில் கேளுங்கள்

"போட்டோ போடலாமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. திருத்திய படத்தையே அனுப்பி, அது எங்கே போகிறது என்பதையும் சொல்லுங்கள்: "அக்கா, பாப்பா ஐடி கார்டை மறைச்சிட்டேன். சொந்தக்காரங்க குரூப்ல மட்டும் போடறேன், ஸ்டேட்டஸ்ல வைக்க மாட்டேன். சரியா?" பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையிடமும் காட்டுங்கள். அம்மா சரி என்றாலும் பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

2. நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்

வேண்டாம் என்ற பையன் ஓரத்தில் நின்றால் வெட்டிவிடலாம். நடுவில் நின்றால் முகத்தின் மேல் ஒளி ஊடுருவாத முழு வண்ணக் கட்டம் வையுங்கள். போனில் உள்ள ஹைலைட்டர் பேனா பார்வைக்குக் கறுப்பாகத் தெரியும், ஆனால் பிரைட்னஸைக் கூட்டினால் அடியில் இருப்பது வெளிவந்துவிடும். லேசான பிளரும் அப்படித்தான்: தெரிந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐடி கார்டில் பெயர், வகுப்பு, பெற்றோர் எண் எல்லாம் இருக்கும். அதோடு சட்டையில் உள்ள பள்ளி பேட்ஜையும் மறையுங்கள்.

தோலை வெளுப்பாக்கும் பில்டரைத் தொடவே வேண்டாம். தன் நிறம் திருத்தப்பட வேண்டிய ஒன்று என்று அந்தப் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும்.

3. கண்ணுக்குத் தெரியாத தகவலை நீக்குங்கள்

லொகேஷன் ஆன் செய்து எடுத்த படத்துக்குள் வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி பதிந்திருக்கும். வெட்டுவதற்கு முந்தைய படத்தின் சிறு உருவும் சில சமயம் உள்ளே தங்கிவிடும். கணினியில் எக்ஸிப்டூல் என்ற மென்பொருள் இருந்தால், டெர்மினலில் இப்படி இரண்டையும் நீக்கலாம். edited.jpg நீங்கள் திருத்திய படம், share.jpg பகிரப்போகும் புதிய நகல்:

```
exiftool -all= -o share.jpg edited.jpg
exiftool -gps:all share.jpg
```

இரண்டாவது கட்டளை எதையும் காட்டாவிட்டால் ஜிபிஎஸ் போய்விட்டது. படம் பக்கவாட்டில் திரும்பித் தெரிந்தால், திசைக் குறிப்பும் சேர்ந்து நீங்கியதே காரணம்; எடிட்டரில் நேராக்கிச் சேமியுங்கள். லைவ் போட்டோ, மோஷன் போட்டோ என்றால் கூடவே சில நொடி வீடியோ இருக்கும். அதில் முகம் மறைந்திருக்காது. அதனால் அசையாப் படமாக மாற்றிவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

4. சேமிப்பதும் அழிப்பதும்

போன் கேலரியில் திருத்திய படத்தைப் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திருப்ப முடியும். அதனால் போனையோ பகிர்ந்த ஆல்பத்தையோ கொடுக்காமல், தனியாக எக்ஸ்போர்ட் செய்த கோப்பை மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போகும்; 3ஆம் படியைத் தாண்டாத படத்தை அப்படி அனுப்பாதீர்கள்.

யாராவது பிறகு மனம் மாறி எடுக்கச் சொன்னால் குரூப்பில் அழிப்பதோடு நிற்காதீர்கள். ஐபோனில் அழித்த படம் 30 நாள் வரையிலும், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாளும் குப்பைத்தொட்டியில் இருக்கும். அங்கேயும் அழியுங்கள். குரூப்பில் இருப்பவர்கள் டவுன்லோட் செய்த நகல்கள் உங்கள் கைக்கு எட்டாது. இதையும் சம்மதம் கேட்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.