அணை திறப்பு ஃபார்வர்டை வதந்தி ஆக்காமல் சுருக்கிப் பகிர்வது எப்படி?

ஐப்பசி பிறந்தால் கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சாத்தனூர் அணைச் செய்தி ஓட ஆரம்பித்துவிடும். பலர் அதைச் சுருக்கி, கூடவே தன் கருத்தையும் ஒரு வரி சேர்த்து முகநூலில் போடுகிறார்கள். போடட்டும், ஆனால் சுருக்கும்போது எந்தச் சொல்லை வெட்டுகிறோம் என்பதில்தான் செய்தி வதந்தியாக மாறுகிறது. மாதிரிக்காக நானே எழுதிய ஃபார்வர்டு இது:

"அவசரம்! சாத்தனூர் அணை திறப்பு! தென்பெண்ணையில் வினாடிக்கு 20,000 கன அடி வரை படிப்படியாகத் திறக்க வாய்ப்புள்ளதாக நீர்வளத் துறை தெரிவித்துள்ளது. இன்று இரவு கடலூர் மூழ்கும் என அதிகாரிகள் தகவல். செம்மண்டலம், மஞ்சக்குப்பம் மக்கள் உடனே வெளியேறவும். அனைவருக்கும் பகிரவும்."

படி 1. இதை நகலெடுத்து போனில் உள்ள நோட்ஸ் செயலியில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் பெட்டிக்குள்ளேயே திருத்தாதீர்கள், பாதியில் கை பட்டால் போய்விடும். ஒரு வாக்கியம் ஒரு வரி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே "யார் சொன்னது?" என்று எழுதுங்கள். முதல் செய்திக்கு நீர்வளத் துறை என்று பதில் இருக்கிறது. "மூழ்கும்" என்பதற்கு வெறும் "அதிகாரிகள்". எந்த அதிகாரி, எந்த அலுவலகம் என்று இல்லாததால் அந்த வரியை அடித்துவிடுங்கள். "வெளியேறவும்" என்பதை மாவட்ட நிர்வாகம் சொல்லியிருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகப் பக்கத்தில் பாருங்கள், அல்லது கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். அங்கே இல்லை என்றால் அதுவும் போகட்டும்.

படி 2. எனக்கு அதிக நேரம் பிடிப்பது இந்தப் படிதான். மிச்சமுள்ள வாக்கியத்தைச் சுருக்கப் போனால் கை முதலில் போவது "வரை", "படிப்படியாக", "வாய்ப்பு" என்ற மூன்று சொற்கள் மேல். மூன்றையும் எடுத்துவிட்டால் "20,000 கன அடி திறப்பு" என்று ஆகிவிடும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் நீர்வளத் துறை அப்படிச் சொல்லவே இல்லை. நடக்கலாம் என்றதை நடந்ததாக ஆக்கியது நீங்கள். அதேபோல நீர்வரத்து வேறு, நீர் திறப்பு வேறு. அணைக்கு வருவது எல்லாம் அப்படியே ஆற்றில் விடப்படுவதில்லை, அதனால் எந்த எண் எதற்கு என்று மூல அறிவிப்பில் பார்த்தே எழுதுங்கள். "அவசரம்", ஆச்சரியக்குறி, "அனைவருக்கும் பகிரவும்" இவற்றைத் தாராளமாக வெட்டலாம்.

படி 3. "இன்று இரவு" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். நாளைக்கு அதைப் படிப்பவருக்கு இன்று என்பது நாளைதானே? மூல அறிவிப்பின் தேதியையும் நேரத்தையும் போடுங்கள். தேதியே இல்லாத ஃபார்வர்டில் 1.68 லட்சம் கன அடி என்று பார்த்தால் முதலில் சந்தேகப்படுங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூரில் திறந்த அளவு அது.

படி 4. உங்கள் கருத்து தனிப் பத்தியில், "என் கருத்து" என்ற அடையாளத்தோடு வர வேண்டும். செய்தி வாக்கியத்துக்குள் "வழக்கம்போல", "கடைசி நேரத்தில்" என்று நுழைத்தால், அடுத்தவர் அதையும் சேர்த்துச் செய்தியாகவே அனுப்புவார்.

எல்லாம் முடிந்த பிறகு:

"சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 20,000 கன அடி வரை படிப்படியாகத் திறக்க வாய்ப்புள்ளது: நீர்வளத் துறை, அக்டோபர் 21, மாலை 4 மணி. சந்தேகத்துக்கு 1077.

என் கருத்து: எவ்வளவு திறக்கிறார்கள் என்பதோடு, அந்தத் தண்ணீர் கடலூர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்றும் அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். கரையோரத்தில் இருப்பவர் மாட்டை அவிழ்ப்பதா, அரிசியை மேலே ஏற்றுவதா என்று முடிவெடுக்க அந்த நேரம்தான் வேண்டும்."

வெட்டிய வரியை "மூழ்கும் என்பது பொய்" என்று மறுக்கவும் வேண்டாம், சும்மா விட்டுவிடுங்கள். அவசரமாகப் படிப்பவர் மனதில் "மூழ்கும்" மட்டும்தான் நிற்கும்.

எழுத்தாகவே போடுங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அறிவிப்பு மாறினால் முகநூல் பதிவைத் திருத்திவிடலாம், படத்தைத் திருத்த முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் கிடைக்கும், அதற்கு மேல் ஆனால் புதிய நேரம் போட்டு இன்னொரு செய்திதான் அனுப்ப வேண்டும்.

பிற்சேர்க்கை: ஆடியோவாக வந்தால் என்ன செய்வது என்று பாகூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். முதலில் கேட்டு, அப்படியே எழுத்தில் இறக்குங்கள், அப்புறம் படி 1. "என் மச்சான் அணையில்தான் வேலை பார்க்கிறான்" என்பது "யார் சொன்னது?" என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. ஆடியோவில் பெரும்பாலும் தேதியும் இருக்காது, அதனால் அதே தகவல் எழுத்துப்பூர்வ அறிவிப்பாகக் கிடைக்கும்வரை பகிர வேண்டாம்.