பெட்டி அடித்தும் இறங்காத இரைச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளையாறு, கஞ்சிக்கோடு வட்டாரத்தில் ஃபேப்ரிகேஷன் செய்யும் தம்பிகள் பலர் இப்போது இரைச்சல் அடக்கும் பெட்டி வேலையும் எடுக்கிறார்கள். வெல்டிங் சுத்தமாக இருக்கும், பெயின்ட் பளபளக்கும். மீட்டரை நீட்டினால் மட்டும் ஐந்தோ எட்டோ டெசிபல்தான் இறங்கியிருக்கும். முந்தைய தலைமுறை செய்த அதே பிழைகளை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். கதவுக் கீல் தொங்குவது, நட்டு தளர்வது போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன். இரண்டாவது வேலையில் அவையெல்லாம் தானாகத் திருந்திவிடும்.

இயர் மஃப் வாங்கிக் கொடுத்தாயிற்று என்று விட்டுவிடுவது

ஆலை முதலாளிகள் முதலில் கேட்பது இதைத்தான்: "நல்ல மஃபா வாங்கிக் கொடுத்துட்டா போதாதா?" அட்டையில் 30 டெசிபல் என்று அச்சடித்திருக்கும். அந்த 30 முழுசாகக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 8 மணி நேர ஷிஃப்டில் ஆள் அதை அரை மணி நேரம் மட்டும் கழற்றுகிறார். காது வாங்கும் ஒலி ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால், அந்த நாளுக்கு அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு 12 டெசிபல்தான். பாதி ஷிஃப்ட் கழற்றி வைத்தால் வெறும் 3. ஷிஃப்டில் பதினாறில் ஒரு பங்கு நேரம் மறைப்பே இல்லாமல் போனால், மற்ற நேரத்து மறைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கு அதற்கு மேல் ஏறாது.

அவர் கழற்றுவது சோம்பலால் அல்ல. பங்குனி வெயிலில் மஃபுக்குள் வியர்வை ஊறும். பெல்ட் வழுக்குகிறதா, பேரிங் உறுமுகிறதா என்று காதை வைத்துத்தான் மெஷினைப் பார்த்துக்கொள்கிறார். பக்கத்து ஆள் கூப்பிட்டாலும் கழற்றத்தான் வேண்டும். பெட்டிக்கும் சைலன்சருக்கும் இந்தத் தொல்லை கிடையாது. ஆள் மறந்தாலும், மாறினாலும், தூங்கினாலும் அவை வேலை செய்துகொண்டே இருக்கும். தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்ற எல்லை உண்டு. இரைச்சலால் வரும் காது மந்தம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. மெஷினில் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தபிறகு மிச்சம் இருப்பதற்குத்தான் மஃப்.

மூச்சுவிட வழியில்லாத பெட்டி

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். பணம் அதிகம் வீணாவதும் இதில்தான்.

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலை. கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊதும் ட்வின் லோப் ப்ளோயர், 15 கிலோவாட் மோட்டார். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 101 டெசிபல். ஒரு காண்ட்ராக்டர் 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் 1.6 மில்லிமீட்டர் எம்.எஸ். ஷீட்டில் கனமான பெட்டி செய்து கவிழ்த்துவிட்டுப் போனார். அந்த ஷீட் நடுத்தர அலைவரிசையில் ஏறக்குறைய 30 டெசிபல் தடுக்கக்கூடியது. காகிதத்தில் எல்லாம் சரி.

காற்றுப் போக்குவரத்துக்கு மட்டும் வழி வைக்கவில்லை. மதியத்துக்குள் உள்ளே அடுப்பாகி மோட்டார் ட்ரிப் ஆனது. ஆபரேட்டர் கதவைத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தார். "கதவைச் சாத்தினா மோட்டார் நிக்குது சார். காத்து நின்னா தொட்டி நாறும், அப்புறம் முதலாளி என்னையத்தான் கேப்பாரு" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிறகு காண்ட்ராக்டரே திரும்ப வந்து, கேஸ் கட்டர் வைத்து எதிரெதிர்ப் பக்கங்களில் 40க்கு 50 சென்டிமீட்டரில் இரண்டு ஜன்னல் வெட்டி லூவர் மாட்டினார். மோட்டார் நிற்பது நின்றது. மீட்டர் 93 காட்டியது.

ஏன் 93? பெட்டியின் நான்கு பக்கமும் மேல்மூடியும் சேர்ந்து 13.5 சதுர மீட்டர். இரண்டு ஜன்னல்கள் 0.4 சதுர மீட்டர். தரை மேடுபள்ளமாக இருந்ததால் அடியில் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் சந்து இருந்தது. சுற்றளவு 7 மீட்டர், ஆக அந்தச் சந்து மட்டும் 0.14 சதுர மீட்டர், அதாவது மொத்தப் பரப்பில் 1 சதவீதம். எல்லாம் கூட்டினால் திறப்பு 4 சதவீதம்.

இங்கேதான் புதியவர்களின் உள்ளுணர்வு ஏமாற்றும். 96 சதவீதம் மூடியாயிற்று, 96 சதவீதப் பலன் கிடைக்கும் என்று நினைப்பார்கள். பரப்பில் 10 சதவீதம் திறந்திருந்தால் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 10 டெசிபலுக்கு மேல் குறையாது. 1 சதவீதம் திறந்திருந்தால் 20. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 30. நம் பெட்டியின் 4 சதவீதத்துக்கு உச்சவரம்பு 14. உள்ளே உறிஞ்சுப் பொருள் எதுவும் இல்லாததால் ஒலி சுவருக்குச் சுவர் மோதி உள்ளேயே பெருகி, அந்த 14இலும் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிட்டது. செங்கல் முட்டுக்கொடுத்த கதவு ஒன்றே 8 சதவீதம். ஷீட்டை 3 மில்லிமீட்டர் ஆக்கியிருந்தாலும் எடை கூடியிருக்குமே தவிர மீட்டர் அசைந்திருக்காது. அதைத்தான் அடுத்து செய்யலாமா என்று அந்த முதலாளி விலை கேட்டுக்கொண்டிருந்தார்!

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? ஷீட் வெட்டுவதற்கு முன்பே வெப்பக் கணக்கைப் போட வேண்டும். 15 கிலோவாட் மோட்டாரின் இழப்பு சுமார் ஒன்றரை கிலோவாட். ப்ளோயர் உடலும் சூடான டெலிவரி குழாயும் இன்னொரு ஒன்றரை என்று வைத்தோம். 3 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும், உள்ளே வெப்பம் வெளியைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. பாலக்காட்டு வெயில் மார்ச்சில் 40 டிகிரியைத் தொடும், அதனால் 15 டிகிரி ஏற விட்டால் மோட்டார் தாங்காது என்று முடிவு செய்தோம். இதற்கு மணிக்குச் சுமார் 900 கன மீட்டர் காற்று தேவை. வினாடிக்கு 3 மீட்டர் வேகம் என்றால் 30க்கு 30 சென்டிமீட்டர் வழி போதும். வெட்டிய ஜன்னலில் பாதியளவுகூட இல்லை, ஆனால் அதற்கு ஒரு சிறிய ஃபேன் வேண்டும்.

அந்த வழியும் நேரான ஓட்டையாக இருக்கக்கூடாது. உள்ளே ராக் வுல் என்ற கல் இழைப் பஞ்சு ஒட்டி, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியும் துளையிட்ட ஷீட்டும் போட்ட டக்ட்டில் குறைந்தது ஒரு வளைவு வேண்டும். காற்று வளைந்து போகும், ஒலி வளைவில் மோதி உறிஞ்சப்படும். குளிர்ந்த காற்று கீழே மோட்டார் பக்கம் நுழைந்து, மேலே ப்ளோயர் பக்கம் வெளியேற வேண்டும். வழிகளைத் தலைகீழாக வைத்தால், ப்ளோயர் சூட்டைச் சுமந்த காற்றை மோட்டார் குடிக்கும். அந்த ஆலையில் ஜன்னல்களுக்கு இப்படி டக்ட் கொடுத்து, அடிச்சந்தை சிமென்ட் மேடையும் ரப்பர் காஸ்கெட்டும் வைத்து அடைத்து, உள்ளே 50 மில்லிமீட்டர் ராக் வுல் ஒட்டி, ப்ளோயர் காற்றை இழுக்கும் இன்டேக்குக்கும் சைலன்சர் போட்டபிறகு மீட்டர் 80இல் நின்றது. பழைய பெட்டியின் ஷீட்டை மாற்றவில்லை.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. இரவில் பெட்டிக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, கதவைச் சாத்தி, வெளி விளக்கை அணைத்துச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஒலியும் வரும். கேபிள் நுழையும் துளை, குழாய் வெளியேறும் இடம், கதவின் கீழ் மூலை என்று வரிசையாகக் காட்டிக்கொடுக்கும். வளைவு சரியாக இருந்தால் டக்ட்டில் வெளிச்சம் தெரியக்கூடாது.

பெட்டிக்கு மேல் ஃபோம் ஒட்டுவது

ஃபோம் ஒலியை உறிஞ்சும், தடுக்காது. அதுவும் எண்ணெய்த் தூசி படியும் இடத்தில் ஒட்டினால் தீக்கு விருந்து.

இன்டேக்கைப் பெட்டிக்கு வெளியே நீட்டிவிட்டு மறந்துவிடுவது

ட்வின் லோப் ப்ளோயரின் இரைச்சலில் பெரும்பங்கு காற்றை விழுங்கும் வாயிலிருந்துதான் வருகிறது. ஒரு சுற்றுக்கு நான்கு துடிப்பு, நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் வினாடிக்கு 100 துடிப்பு. அந்த வாயை ஃபில்டரோடு பெட்டிக்கு வெளியே நீட்டினால், பெட்டி செய்ததே வீண்.

ராக் வுல் அடைத்த சைலன்சரை வாங்கி மாட்டுபவர்களுக்கும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. 100 துடிப்பின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். 50 மில்லிமீட்டர் வுல் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதற்கு அறை வகைச் சைலன்சர் வேண்டும், அதாவது குழாய் திடீரென்று பெரிய அறையாக விரிந்து மறுபடி சுருங்கும் வகை. வுல் அடைத்தது அதற்கு மேலுள்ள சீறலைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்ததை வாங்குங்கள், வாங்கும்போது அழுத்த இழப்பு எவ்வளவு என்று கேளுங்கள். சிறிய சைலன்சரைத் திணித்தால் தொட்டிக்குப் போகும் காற்று குறையும், அப்போது ஆபரேட்டரே அதைக் கழற்றி வீசிவிடுவார்.

கல் மாதிரி ரப்பரை மவுண்ட் என்று போடுவது

ரப்பர் என்றால் அதிர்வு குறையும் என்று நம்புகிறார்கள். மெஷினை ஏற்றி வைத்ததும் மவுண்ட் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மில்லிமீட்டரில் அமுக்கத்தின் வர்க்கமூலத்தை எடுத்து, 15.8ஐ அதனால் வகுத்தால் மவுண்டின் இயல்பு அதிர்வெண் வரும். 1500 சுற்று மெஷினின் அதிர்வு வினாடிக்கு 25. அதில் மூன்றில் ஒரு பங்கான 8க்கு வர வேண்டுமென்றால் மவுண்ட் 4 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அப்போது தரைக்குப் போகும் அதிர்வு எட்டில் ஒரு பங்காகும். சந்தையில் கிடைக்கும் கெட்டி ரப்பர் பேட் 0.3 மில்லிமீட்டர்தான் அமுங்கும். அதன் இயல்பு அதிர்வெண் 29, மெஷினின் 25க்குப் பக்கத்து வீடு. பேட் போடாமல் விட்டிருந்தால் தரைக்குப் போயிருக்கும் அதிர்வைப் போல நான்கு மடங்கு போகும். "பேட் போட்டதுக்கப்புறம்தான் மாடி ஆபீஸ் நடுங்குது" என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான்.

மவுண்ட் சரியாக இருந்தும் அதிர்வு போனால், ஆங்கர் போல்ட் மவுண்டைத் துளைத்து மெஷினையும் தரையையும் நேரடியாக இறுக்கியிருக்கிறதா பாருங்கள். அடுத்து டெலிவரி குழாயில் பெல்லோஸ் என்ற வளையும் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். மெஷின் ஸ்பிரிங் மேல் ஆட, குழாய் சுவரோடு பிணைந்திருந்தால் சுவரே ஒலிபெருக்கி. பெட்டிச் சுவர் மெஷின் ஃபிரேமைத் தொடுகிறதா என்றும் கையை வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரிந்தால் எங்கோ உலோகம் உலோகத்தைத் தொடுகிறது.

கனமான வார்ப்பு உடம்பில் டம்பிங் ஷீட் ஒட்டுவது

டம்பிங், அதாவது தகட்டின் அதிர்வை அடக்கும் ஒட்டு, தட்டினால் 'ணங்'கென்று ஒலிக்கும் மெல்லிய தகட்டுக்கு. நெல் விழும் சரிவுத்தகடு, ஹாப்பர், பெல்ட் கார்டு. வேறெங்கும் வேண்டாம்.

விலை கேட்கும் கடிதத்தில் இரைச்சலை எழுதாமல் விடுவது

புது ப்ளோயருக்கு விலை கேட்கும்போதே, முழு லோடில், பெட்டி மூடிய நிலையில், இன்டேக் சைலன்சரோடு, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று எழுத்தில் கேளுங்கள். டீசல் ஜெனரேட்டருக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. சுமார் 1000 கே.வி.ஏ. வரை பெட்டிக்கு ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபல் என்ற விதி இருப்பதால் கம்பெனியே பெட்டியோடு அனுப்புகிறது. ப்ளோயருக்கு அப்படி இல்லை, நாமாகக் கேட்டால்தான் உண்டு. 'லோடு இல்லாமல்' என்றோ 'இன்டேக் குழாய் வேறு அறைக்குக் கொண்டுபோன நிலையில்' என்றோ பதிலில் சிறிய எழுத்தில் இருந்தால் அந்த எண்ணை நம்பி ஷெட் கட்டாதீர்கள். பெட்டியோடு வரும் விலையைத் தனி வரியாக வாங்கிக்கொள்ளுங்கள், வெப்பத்துக்கான ஃபேனும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.