மலைப்படியில் பாட ஒரு அடி

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நாளில், கோர் தெ கார்ட் மலைக் கோயிலுக்கு எங்கள் குழு பாடிக்கொண்டே ஏறும். சமதரையில் சேர்ந்து ஒலித்த பாட்டு, ஏற்றம் வந்ததும் கலைந்துவிடும். “குன்றின் மேலே குடியிருந்து காக்கும் எங்கள் வேலவா” என்பது பழைய வரி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு என எண்ணினால் இருபத்தேழு வரும். காலடிக்கு இரண்டு வீதம் பதின்மூன்றரை அடி. அடுத்த வரி தொடங்கும்போது கால் அந்தரத்தில் இருக்கும், மூச்சு விடவும் இடமில்லை.

அதனால் “குன்றில் நிற்கும் வேலா வா” என்று சுருக்கினேன். பதினான்கு, அதாவது ஏழு அடி. எட்டாவது அடியில் யாரும் பாடக்கூடாது, மூச்சு மட்டும். வலது காலில் தொடங்கினால் அடுத்த வரியும் வலது காலிலேயே விழும். பதில் குரல் “வேலா வா”: மூன்று அடி பாட்டு, ஓரடி மூச்சு.

க்ரியோல் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது சட்டென்று பிடித்துக்கொண்டது. சரி, செங்குத்தான இடத்தில்? வரியைத் தொடாதீர்கள், முன்னால் பாடுபவர் நடையை மெதுவாக்கட்டும். கடைசி வரிசையின் “வா” பிந்திக் கேட்டால் வேகம் இன்னும் அதிகம் என்று அர்த்தம்.