சீரம் எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமா?

சீரம் தடவியதும் முகம் சுரீரென்று எரிந்தால், 'மருந்து வேலை செய்யுது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். கிளைகாலிக் அமிலம் தடவினால் முதல் ஓரிரு நிமிடம் லேசாகச் சுருக்கென்று இருக்கலாம். ஆனால், இத்தனை நாளும் ஒன்றும் செய்யாத சாதாரண மாய்ச்சரைசரும், முகம் கழுவும் வெறும் தண்ணீரும்கூட எரிகிறது என்றால், தோலின் மேல் தடுப்பு பழுதாகிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

தோலின் உச்சியில் இறந்த செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் அவற்றின் இடைவெளியை நிரப்புகின்றன. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும், எரிச்சல் தரும் பொருட்கள் உள்ளே நுழையாமலும் பார்த்துக்கொள்வது இந்த மெல்லிய அடுக்குதான். சீரத்திலும் ஃபேஸ் வாஷிலும் வரும் கிளைகாலிக், சாலிசிலிக் போன்ற அமிலங்கள் செல்களின் பிடிப்பைத் தளர்த்துகின்றன. ரெட்டினால் புதுச் செல்களை வேகமாக மேலே தள்ளுகிறது. ஒவ்வொன்றையும் இடைவெளி விட்டுப் பயன்படுத்தினால் தோல் ஈடுகொடுத்துவிடும். எல்லாம் சேரும்போதுதான் சிக்கல்.

ஒரு பெண் காலையில் சாலிசிலிக் ஃபேஸ் வாஷும் வைட்டமின் சி சீரமும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவில் அதே ஃபேஸ் வாஷ், கிளைகாலிக் டோனர், ரெட்டினால். பருவுக்கு ஒன்று, தழும்புக்கு ஒன்று, கரும்புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கியதால், தினமும் ஐந்து தடவை தோலைச் சீண்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சில வாரங்களில் முகம் பளபளக்கிறது. பார்க்கிறவர்களும் 'என்ன, முகம் மின்னுது' என்கிறார்கள். ஆரோக்கியமான பளபளப்பு இல்லை அது. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: மெழுகு பூசியது போன்ற மினுமினுப்பு, நுண்ணிய சுருக்கங்கள், மூக்கின் ஓரத்திலும் வாய் ஓரத்திலும் சிவப்பும் செதிலும். கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிறது, மதியத்துக்குள் எண்ணெய் வழிகிறது.

இதன் பிறகு செய்யும் தவறுகள்தான் நிலைமையை மோசமாக்குகின்றன. எண்ணெய் வழிகிறதே என்று இன்னொரு தடவை ஃபேஸ் வாஷ் போடுவார்கள். செதிலைப் பார்த்து ஸ்க்ரப் தேய்ப்பார்கள். சிறு பொரிகள் வந்தால், 'உள்ளே இருக்கிற பரு வெளியே வருது' என்று ரெட்டினாலைத் தொடர்வார்கள். ரெட்டினாலால் ஆரம்பத்தில் பரு கூடுவது உண்டுதான். ஆனால் அது பெரும்பாலும் வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வரும். புது இடத்தில் எரிச்சலோடும் அரிப்போடும் வரும் பொரி எரிச்சலின் அடையாளம். சிலர் எலுமிச்சையும் மஞ்சளும் பூசிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். பழுதான தோலில் எலுமிச்சைச் சாறு இன்னொரு அமிலம்தான், தயவுசெய்து வேண்டாம்.

சரி, என்ன செய்வது? அமிலம், ரெட்டினால், வைட்டமின் சி, ஸ்க்ரப் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து என்றால் மட்டும் அவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். காலையில் தண்ணீரால் மட்டும் கழுவினால் போதும். இரவில் வாசனை சேர்க்காத, மென்மையான கிளென்சர். குளியல் சோப்பு காரத்தன்மை உடையது, முகத்துக்கு வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் செராமைடும் கிளிசரினும் உள்ள, வாசனையில்லாத மாய்ச்சரைசர் தடவுங்கள். மூக்கு ஓரம், வாய் ஓரம் போல வெடித்த இடங்களில் அதன் மேல் மெல்லிய பூச்சாகப் பெட்ரோலியம் ஜெல்லி. விலை குறைவு என்று இதை ஒதுக்காதீர்கள், ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் இதை மிஞ்சுவது கடினம். சென்னை வெயிலில் முகம் முழுக்கப் பூசினால் பிசுபிசுக்கும், அதனால் இரவில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். வழக்கமானது எரிந்தால் ஜிங்க் ஆக்சைடு உள்ளதுக்கு மாறுங்கள்.

லேசான பழுது இரண்டு முதல் நான்கு வாரங்களில் தேறிவிடும். முதலில் அடங்குவது எரிச்சல். சிவப்பு மெதுவாகத்தான் போகும். எரிச்சல் நின்ற மறுநாளே பழைய வரிசைக்குத் திரும்பினால் மறுபடி முதலிலிருந்துதான். இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, ஒரே ஒரு பொருளை வாரம் இரண்டு இரவு மட்டும் தொடங்குங்கள். ரெட்டினால் என்றால் மாய்ச்சரைசருக்கு மேல் பட்டாணி அளவு. ஒரு மாதம் ஒத்துப்போனால் அப்புறம் அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

நீர் கசிவு, வீக்கம், கடும் அரிப்பு இருந்தாலோ, ஒரு மாதமாகியும் எரிச்சல் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகம் வெளுக்கும் என்று மருந்துக் கடையில் சொந்தமாக வாங்கிய கிரீமால் இந்த நிலை வந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். நிறுத்தியதும் சிவப்பும் எரிச்சலும் திரும்பிவரலாம், அதை மாய்ச்சரைசரால் மட்டும் சமாளிக்க முடியாது. கிரீம் டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.