உருகுநிலைக் கருவியைச் சரிபார்த்தல்: பென்சோயிக் அமிலமும் ஒரு நிறுத்தற் கடிகாரமும்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களும் முதலாம் ஆண்டுக்காரரும் உருகுநிலை எடுக்கும்போது அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று உண்டு: "புத்தகம் 122 என்கிறது, கருவி 125 காட்டுகிறது. பொருள் கெட்டதா, கருவி கெட்டதா?" பெரும்பாலும் இரண்டும் கெட்டிருக்காது. சூடாக்கிய வேகம்தான் கூடிப்போயிருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கருவியை எப்படிச் சரிபார்ப்பது என்று பார்ப்போம். மயிர்த்துளைக் குழாயைச் செருகும் துளைகளும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் உள்ள உலோகப் பாளக் கருவி உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் பொருட்கள்

மூன்று போதும்: நப்தலீன் (80.3 பாகை செல்சியஸ்), பென்சோயிக் அமிலம் (122.4), சலிசிலிக் அமிலம் (159). போத்தலோடு சான்றிதழ் வந்திருந்தால் அதில் உள்ள எண்ணையே எடுங்கள். இவற்றில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால் பென்சோயிக் அமிலத்தைத் தேருங்கள். அது சிதையாது, ஈரத்தை அதிகம் இழுக்காது, உருகுவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். யூரியா 133இல் உருகும் என்றாலும் வேண்டாம். அது ஈரத்தை இழுக்கும், உருகும்போதே சிதையவும் தொடங்கும்.

கடையில் வாங்கும் பூச்சி உருண்டையை நப்தலீன் என்று நம்பிவிடாதீர்கள். சில உருண்டைகள் பராடைகுளோரோபென்சீன். அது 53 பாகையிலேயே உருகிவிடும், நீங்கள் கருவியைக் குறை சொல்வீர்கள்.

தூளும் குழாயும்

பொருளைச் சிறு உரலில் மாவாக அரையுங்கள். மாரி காலத்தில் திறந்து வைத்த போத்தலென்றால், அரைத்த தூளை ஓரிரவு சிலிக்கா ஜெல் வைத்த உலர்த்தியில் விடுங்கள். ஈரத் தூள் உருகுவதற்கு முன்பே வியர்க்கும். குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் பனி போலப் படியும் அந்தத் துளிகளை உருகலின் தொடக்கம் என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை.

குழாயின் திறந்த வாயைத் தூளில் குத்தி, மூடிய முனை கீழே வரும்படி திருப்புங்கள். அரை மீற்றர் நீளமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றை மேசையில் நிமிர்த்தி, அதற்குள்ளே மயிர்த்துளைக் குழாயை நாலைந்து தரம் விழவிடுங்கள். விரலால் தட்டுவதைவிட இதுதான் தூளை நன்றாக இறுக்கும். அடியில் 2 முதல் 3 மில்லிமீற்றர் உயரம் நிற்க வேண்டும். 6 மில்லிமீற்றர் நிரப்பினால் வெளிப்பக்கம் உருகி முடிந்தும் நடுப்பகுதி திண்மமாகவே இருக்கும், வீச்சு வீணாக விரியும்.

சூடாக்கும் வேகம்

எல்லாரும் தடுக்குவது இங்கேதான்.

எண்ணியல் கருவியில் காட்டும் எண் பாளத்தின் வெப்பநிலை. தூளோ கண்ணாடிச் சுவருக்கும் மெல்லிய காற்று இடைவெளிக்கும் உள்ளே இருக்கிறது. வெப்பம் அங்கே போய்ச் சேர நேரம் எடுக்கும். அந்தப் பின்தங்கல் 20 செக்கன் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 பாகை ஏற்றினால், 20 செக்கனில் பாளம் 3.3 பாகை முன்னே போய்விடும். 2 பாகை ஏற்றினால் 0.7, 1 பாகை ஏற்றினால் 0.3. தூள் உண்மையில் 122.4இல்தான் உருகத் தொடங்குகிறது. நீங்கள் வாசிப்பது மட்டும் 125.7, 123.1, 122.7 என்று மாறுகிறது.

அதோடு முடியவில்லை. உருகத் தொடங்கிய தூள் மறைவெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு 122.4இலேயே நிற்கும். பாளம் அதற்காகக் காத்திராமல் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசிப் பளிங்கு மறைந்து முழுவதும் தெளியும்போது பாளம் இன்னும் மேலே போயிருக்கும். ஆகவே வேகம் கூடினால் தொடக்க எண் ஓரளவு ஏறும், முடிவு எண் அதைவிடக் கூடுதலாக ஏறும், வீச்சு அகலும்.

செய்ய வேண்டியது இது. பென்சோயிக் அமிலம் என்றால் 100 பாகை வரை விரைவாகச் சூடாக்கலாம். பிறகு குமிழைக் குறைத்து, 110இலிருந்து நிமிடத்துக்கு 1 பாகை வருகிறதா என்று நிறுத்தற் கடிகாரத்தோடு பாருங்கள். குமிழில் எழுதியுள்ள எண்ணை நம்ப வேண்டாம். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 210க்கு இறங்கினாலே சூடாக்கியின் வலு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். காலையில் 1 பாகை தந்த இடம் மாலையில் அதைத் தராது. நல்ல குமிழைவிட மலிவான கடிகாரம் இங்கே கூடப் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் துளி தெரியும் எண்ணையும் முழுவதும் தெளியும் எண்ணையும் இரண்டையும் எழுதுங்கள், பக்கத்திலேயே வேகத்தையும் எழுதுங்கள். வேகம் எழுதாத உருகுநிலையை இன்னொருவர் ஒப்பிட முடியாது. அடுத்த தரத்துக்குப் பாளம் 100க்குக் கீழே ஆறவேண்டும். குழாயும் புதிதாக இருக்க வேண்டும், உருகி உறைந்ததைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

எது பிழை என்று பிரித்தறிவது

வீச்சு குறுகலாக, ஒரு பாகைக்குள் இருந்து, இரண்டு எண்ணும் சேர்ந்து தள்ளியிருந்தால் கருவியில் விலகல். தொடக்கம் தாழ்ந்து வீச்சு அகன்றிருந்தால் பொருளில் மாசு அல்லது ஈரம். முடிவு மேலே ஓடியிருந்தால் வேகத்தைச் சந்தேகியுங்கள். ஒரே பொருளை நிமிடத்துக்கு 1 பாகையிலும் 4 பாகையிலும் எடுத்துப் பாருங்கள். எண் நகர்ந்தால் அந்த நகர்வு வேகத்தினுடையது. இரண்டிலும் மிஞ்சி நிற்பதே கருவியின் விலகல்.

திருத்தம் போடுவது

ஒரே வேகத்தில் மூன்று பொருளையும் எடுத்தபோது கருவி 80.9, 123.6, 160.8 காட்டியதாகக் கொள்வோம். கூடுதல் முறையே 0.6, 1.2, 1.8. இவற்றைக் கட்டத்தாளில் குறித்துக் கோட்டால் இணையுங்கள். இனி, தெரியாத பொருள் ஒன்று 135.0 காட்டினால், 123.6க்கும் 160.8க்கும் இடையில் கோடு 1.4 என்று தரும். உண்மை 133.6. இந்தக் கோடு அதே வேகத்துக்கு மட்டுமே செல்லும். 1 பாகையில் சரிபார்த்துவிட்டு 5 பாகையில் அளந்தால் திருத்தம் உதவாது. 80க்குக் கீழும் 159க்கு மேலும் கோட்டை நீட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

பின்னர் சேர்த்தது

"எங்கள் கருவியில் வேகமாகச் சூடாக்கினால் எண் குறைகிறதே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். இரச வெப்பமானி செருகும் கருவியில் அப்படியும் நடக்கும். பருத்த இரசக் குமிழ் தூளைவிட மெதுவாகச் சூடேறினால், தூள் உருகும் கணத்தில் வெப்பமானிதான் பின்தங்கி நிற்கும். எது கூடப் பின்தங்குகிறதோ அதுதான் திசையைத் தீர்மானிக்கிறது. மெதுவாக ஏற்றினால் இரண்டு பின்தங்கலும் சுருங்கிவிடும்.

இரச வெப்பமானியில் இன்னொன்றும் உண்டு: பாளத்துக்கு வெளியே நிற்கும் இரசத் தண்டு குளிர்ந்திருக்கும். 122இல் வாசிக்கும்போது 70 பாகை நீளத் தண்டு வெளியே நின்று, அதன் சராசரி 40 ஆக இருந்தால், 0.00016 × 70 × (122 − 40), அதாவது சுமார் 0.9 பாகை குறைத்துக் காட்டும். கச்சான் காற்றுக்கு யன்னலைத் திறந்து வைத்தாலோ மின்விசிறியைத் தண்டுப் பக்கம் திருப்பினாலோ அந்த 40 கூட நிலையாக நிற்காது. அளக்கும் அந்தப் பத்து நிமிடம் விசிறியை நிறுத்துங்கள்.