ஆப்பில் ‘6 நிமிடம்’ என்றால் பஸ் எங்கே இருக்கிறது?

பஸ் ஆப்பைத் திறந்ததும், நிமிடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அலை மாதிரி சின்னக் குறியோ வேறு நிறமோ இருந்தால், பொதுவாக அது ஓடுகிற பஸ்ஸை வைத்துச் சொல்லும் நேரடி நேரம். எந்தக் குறியும் இல்லாவிட்டால் பெரும்பாலும் வெறும் டைம்டேபிள்தான். அந்த பஸ் கிளம்பியதா என்பதே ஆப்புக்குத் தெரியாது.

பஸ்ஸில் உள்ள ஜி.பி.எஸ். கருவி, தான் இருக்கும் இடத்தை மொபைல் நெட்வொர்க் வழியாக சர்வருக்கு விட்டுவிட்டு அனுப்புகிறது. இரண்டு தகவல்களுக்கு நடுவே அரை நிமிடம்கூட ஆகலாம். கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து உங்கள் ஸ்டாப்புக்கு அந்த வேளையில் வழக்கமாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சர்வர் கணக்குப் போடுகிறது. அதனால் ‘3 நிமிடம்’ என்பதை ஓரளவு நம்பலாம். ‘22 நிமிடம்’ என்பதை நம்பி டீ போட உட்காராதீர்கள்.

ஒரு உதாரணம். 6 நிமிடம் என்கிறது ஆப், பஸ் நான்கு ஸ்டாப் தள்ளி நிற்கிறது. நிமிடம் 5, 4 என்று குறைகிறது, மேப்பில் பஸ் ஐகான் மட்டும் நகரவில்லை. புதுத் தகவல் வராமலேயே பழைய கணக்கை வைத்துக் கடிகாரம் ஓடுகிறது என்று அர்த்தம். சுரங்கப் பாதையோ சிக்னல் இல்லாத இடமோ காரணமாக இருக்கலாம். திடீரென்று ஐகான் இரண்டு ஸ்டாப் முன்னால் குதித்தால், விட்டுப்போன தகவல் வந்துவிட்டது, பஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. மாறாக, ஐகான் அங்கேயே இருக்க 4 மறுபடி 7 ஆக ஏறினால், பஸ் நெரிசலில் மாட்டியிருக்கலாம். உயரமான கட்டிடங்களுக்கு நடுவே ஐகான் பக்கத்துத் தெருவுக்குத் தாவினால் கண்டுகொள்ளாதீர்கள். கட்டிடங்களில் பட்டு எதிரொலிக்கும் ஜி.பி.எஸ். சிக்னல் செய்கிற வேலை அது.

ஐகான் மறைவது வேறு கதை. சில நிமிடங்கள் தகவல் வராவிட்டால், பழைய இடத்தைக் காட்டுவதைவிட எடுத்துவிடுவதே மேல் என்று பல ஆப்கள் நீக்கிவிடும். பஸ் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம். ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்ற வரி உங்கள் ஆப்பில் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள்.

ஏமாற்றுவது புறப்படும் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டாப்கள்தான். பஸ் அங்கே இன்னும் நின்றுகொண்டிருக்கும், டிரைவர் அந்த டிரிப்பைக் கருவியில் தொடங்கியிருக்க மாட்டார். ஆப்போ டைம்டேபிளைப் பார்த்து 2, 1 என்று எண்ணிவிட்டு, பஸ் வராமலேயே வரியை அழித்துவிடும். அப்போது பஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி நடக்க ஆரம்பிக்க வேண்டாம். அந்த வரியில் நேரடிக் குறி ஒருமுறைகூட வராதிருந்தால், அது தாமதமாகக் கிளம்பலாம், ரத்தாகியும் இருக்கலாம். சேவை அறிவிப்பைத் திறந்து பார்த்துவிட்டு, நேரடிக் குறியுள்ள அடுத்த பஸ்ஸைக் கணக்கில் வையுங்கள்.