கல்லூரிப் பக்கம் சைவ ஓட்டல்: திட்டம் போடும்போதே விழும் ஓட்டைகள்

கல்லூரி வாசலில் சின்னதாக ஒரு சைவ ஓட்டல் போடலாம் என்று திட்டத்தோடு வருகிறவர்கள் இந்த ஆண்டும் குறையவில்லை. கடைசியாக வந்தது என் தங்கை மகன். கோவைப் புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு எதிரே 30 பேர் உட்காரும் கடை, வாடகை 22,000. "மாமா, எதுத்தாப்புல ரெண்டாயிரம் பசங்க இருக்காங்க, பத்துல ஒருத்தன் வந்தாக்கூடப் போதும்" என்றான். இதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் சொன்னவன்தான். சுத்தம், ருசி, சிரித்த முகம் எல்லாம் யாரும் சொல்வார்கள். திட்டம் எழுதும் தாளிலேயே நடக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

மாணவர் எண்ணிக்கையை வாடிக்கையாளர் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்வது

அந்த இரண்டாயிரத்தில் விடுதிப் பிள்ளைகள் மெஸ் கட்டணம் கட்டிவிட்டவர்கள். மெஸ் சாப்பாடு பிடிக்காத நாளிலும், ராத்திரியிலும்தான் வெளியே வருவார்கள். வீட்டிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பேருந்தில் வளாகத்துக்குள்ளேயே இறங்கி, சாயங்காலம் உள்ளேயே ஏறிப் போய்விடுவார்கள். உங்கள் பலகை அவர்கள் கண்ணில் படும், அவ்வளவுதான். வெளியே அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களும் ஆசிரியரல்லாத ஊழியர்களும்தான் நிலையான கூட்டம். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் வாசலில் நின்று, காலை எட்டு மணிக்கும், மதிய இடைவேளையிலும், இரவு எட்டு மணிக்கும் நடந்து வெளியே வருகிறவர்களை எண்ணுங்கள். மதியம் வெளியே விடாத கல்லூரிகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் மதியச் சாப்பாடு போடும் திட்டமே வீண்.

ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று கணக்கிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வரும் தவறு இதுதான். தங்கை மகனின் தாளில் ஒரு நாளைக்கு 250 பில், சராசரி 60 ரூபாய், ஆக 15,000 ரூபாய் என்றிருந்தது. அதில் எனக்குக் குறையில்லை, அந்த இடத்தில் நடக்கக்கூடியதுதான். அடுத்த வரியில் அதை 30 நாளால் பெருக்கி, பிறகு 12 மாதத்தால் பெருக்கி, ஆண்டு விற்பனை 54 லட்சம் என்று எழுதியிருந்தான். பொருள் செலவு விற்பனையில் 40 சதவீதம், கேஸ், இலை, பார்சல் சாமான் 8 சதவீதம். வாடகை, ஐந்து பேர் சம்பளம், கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து மாதம் 1,20,000, அதாவது ஆண்டுக்கு 14.4 லட்சம். இதெல்லாம் போக 13.7 லட்சம் கையில் நிற்கிறது. ஜோரான கணக்கு.

கல்லூரி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு செமஸ்டர் நவம்பர் வாக்கில் முடியும், இன்னொன்று மே வாக்கில். அதற்கு முன் படிப்பு விடுமுறை, அப்புறம் தேர்வு, அப்புறம் செமஸ்டர் லீவு. தீபாவளி, பொங்கல் என்றால் வெளியூர்ப் பையன்கள் முன்னும் பின்னும் ஓரிரு நாளைச் சேர்த்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சனிக்கிழமை பாதிக் கூட்டம்கூட இருக்காது. அந்தக் கல்லூரிக்கு நாங்கள் உட்கார்ந்து எண்ணியதில் முழு வியாபாரம் நடக்கும் நாள் சுமார் 170. அதில் 25.5 லட்சம் வரும். சனி, படிப்பு விடுமுறை, தேர்வு நாட்கள் சுமார் 80, நாளைக்கு 6,000 என்றால் 4.8 லட்சம். மீதி நாட்களில் 65 நாள் கடையைத் திறந்தாலும் தெருவில் போகிறவர்களை நம்பி 2,000 தேறும், அது 1.3 லட்சம். மிச்சமுள்ள 50 நாள் கடையை மூடிவிடுவதே லாபம். மொத்தம் 31.6 லட்சம்.

பொருள் செலவும் கேஸும் விற்பனையோடு சேர்ந்து குறையும். அந்த 14.4 லட்சம் குறையாது. 31.6 லட்சத்தில் 48 சதவீதம் போக 16.4 லட்சம், அதில் 14.4 கழித்தால் நிற்பது 2 லட்சம். விற்பனை நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேலே குறைந்திருக்கிறது, லாபமோ ஏழில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. இதற்குள்தான் வங்கித் தவணை வருகிறது. 5 லட்சம் முத்ரா கடன், ஐந்து ஆண்டு, 11 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 10,900. தவணைக்கு மே மாத லீவு கிடையாது. விற்பனை 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜி.எஸ்.டி. பதிவும் எடுக்க வேண்டும். மாணவர்கள் பில்லுக்கு மேல் வரி கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று அந்த 5 சதவீதத்தைப் பலகை விலைக்குள்ளேயே அடக்கினால், அதில் மட்டும் ஒன்றரை லட்சம் போய்விடும். கடைசியில் உங்கள் உழைப்புக்குச் சம்பளம் பூஜ்யம்.

சரி, லீவில் ஆட்களை அனுப்பிவிட்டால்? இதையும் எல்லோரும் கேட்கிறார்கள். சப்ளையரை அனுப்பலாம். சமையல் மாஸ்டரைச் சம்பளமில்லாமல் அனுப்பினால் ஜூன் மாதம் அவர் வேறு கடையில் நிற்பார். எனக்குத் தெரிந்த ஒரு கடை அப்படித்தான் இரண்டாவது வருடம் புது மாஸ்டரோடு திறந்தது. சாம்பார் மாறியது என்று பையன்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். லீவுக்குப் பாதிச் சம்பளம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கட்டிட உரிமையாளரிடமும் அப்படியே: மே, டிசம்பர் இரண்டு மாதத்துக்குப் பாதி வாடகை என்று ஒப்பந்தத்தில் எழுதக் கேளுங்கள். கல்லூரி எதிரே கட்டிடம் வைத்திருப்பவருக்கு லீவு நிலவரம் உங்களைவிட நன்றாகவே தெரியும். பக்கத்தில் கம்பெனியோ குடியிருப்போ இருந்தால், லீவு மாதங்களுக்கு மதியச் சாப்பாட்டு ஆர்டரை முன்கூட்டியே பிடிப்பது அடுத்த வழி. அந்த வாய்ப்பு எதுவுமே இல்லாத இடம் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

முதலீட்டுப் பட்டியலில் ஒரு வரியை விடுவது

அவன் போட்டிருந்த பட்டியல் மோசமில்லை. பத்து மாத அட்வான்ஸ் 2.2 லட்சம். தரை, குழாய், கழிவுநீர், புகைபோக்கி வேலை 2.5 லட்சம். கிரைண்டர், அடுப்பு, தோசைக்கல், இட்லிக் கொப்பரை, ஃபிரிட்ஜ், பாத்திரம் 2.6 லட்சம். மேஜை, நாற்காலி, பலகை, பில் மெஷின் 1.3 லட்சம். கேஸ் டெபாசிட், வணிக மின் இணைப்பு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், உள்ளாட்சி உரிமம் 50,000. முதல் மளிகை 40,000. கூட்டினால் 9.5 லட்சம். அவன் கையில் இருந்ததும் சரியாக அவ்வளவுதான்!

விட்டுப்போன வரி, லீவு மாதங்களைக் கடத்த 3 லட்சம். மே மாதம் வருமானம் போக ஒரு லட்சம் வரை துண்டு விழும். டிசம்பரில் முக்கால்வாசியாவது விழும். தொடக்கத்தில் கூட்டம் பழகும் வரை இன்னும் கொஞ்சம். ஆக உண்மையான முதலீடு 12.5 லட்சம். அவ்வளவு இல்லையென்றால் பாத்திரம், கிரைண்டர், மேஜையைப் பழையதாக வாங்கிக் குறைக்கலாம். மூடிய ஓட்டல்களின் சாமான் விற்கும் கடைகள் கோவையிலேயே இருக்கின்றன. மோட்டாரையும் பர்னரையும் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். அந்த 3 லட்சத்தில் கை வைக்காதீர்கள்.

மார்ச்சில் திறப்பது

திறந்த இரண்டே மாதத்தில் லீவு. ஆகஸ்டில் திறந்தால் பழைய மாணவர்கள் திரும்பியிருப்பார்கள், கவுன்சலிங் முடிந்து முதலாண்டுப் பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். புதிதாக வருகிறவன் முதல் மாதத்தில் எங்கே சாப்பிடப் பழகுகிறானோ, நாலு வருடமும் பெரும்பாலும் அங்கேதான்.

நாற்பது ஐட்டம் மெனு

பத்து போதும். கோபி மஞ்சூரியனுக்குத் தனி மாஸ்டர் வைக்காதீர்கள்.

வீட்டு சிலிண்டர்

14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைக் கடையில் ஏற்றாதீர்கள், பிடித்தால் பறிமுதல். 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

கடன் நோட்டு

வைக்க வேண்டாம். கடைசி வருடப் பையன் மே மாதம் போனால் போனதுதான்.